நீலமாகிப்போன இலைகள்

சோழமண்டலக் கரையில் 18-ஆம் நூற்றாண்டில் கையால் எழுதிச் சாயமேற்றி ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றிய சீட்டித் துணிகள் இன்று லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் அகமதாபாத் காலிகோ அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. அவற்றின் படங்களை முதன்முதலில் பார்க்கிறவருக்கு ஒன்று உறுத்தும். பூக்கள் சிவப்பாக இருக்கின்றன, இளஞ்சிவப்பாகவும் கருஞ்சிவப்பாகவும் இருக்கின்றன. இலைகள் மட்டும் நீலம். எழுதியவர் நீல இலையைக் கற்பனை செய்யவில்லை. அவர் செய்து அனுப்பியது பச்சை இலைதான். முதலில் அவுரியில் நீலம் ஏற்றி, அதன்மேல் ஒரு மஞ்சள் சாயத்தைத் தூரிகையால் தீட்டிப் பச்சையாக்கினார். நாளடைவில் மேலே இருந்த மஞ்சள் போய்விட்டது, அடியில் இருந்த நீலம் நின்றுவிட்டது.

இதே விபத்து என் வீட்டிலும் நடந்தது, ஆனால் மூன்றே மாதத்தில். இயற்கைச் சாயம் என்ற அட்டை தொங்கிய ஒரு பச்சைத் துப்பட்டாவை ஒரு கைத்தறிக் கண்காட்சியில் வாங்கினோம். அவுரியும் மஞ்சளும் சேர்த்த பச்சை என்று விற்றவரே பெருமையாகச் சொன்னார். கொடியில் காயப்போட்டு எடுத்த நான்காவது, ஐந்தாவது தடவையிலேயே வெயில் பட்ட மேல்மடிப்பு வேறு நிறமாகத் தெரிந்தது. கோடை முடிவதற்குள் வெளிப்புறம் நீலமும் உள்மடிப்பு பச்சையுமாக அது இரட்டை வேடம் போட்டது. மஞ்சளின் சாயம் நிஜமாகவே வெளுத்துப்போயிருந்தது.

ஆகவே இயற்கைச் சாயம் நல்லதா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. அவுரி, மஞ்சிட்டி, மஞ்சள், மாதுளை ஓடு என்று ஒரே கடையில் ஒரே விலைப்பட்டியலில் விற்கப்படும் நான்கும் துணியில் நான்கு விதமாக வயதாகின்றன. எது எப்படி மூப்படைகிறது, எதை நம்பிக் காசு கொடுக்கலாம் என்று தனித்தனியே எடைபோட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும்.

எடைபோட எனக்குத் தெரிந்த எளிய வழி சன்னல்தான். ஒரே காடாத் துணியைச் சோடா உப்பு போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்துப் பசையை எடுத்தேன். 100 கிராம் துணிக்கு 20 கிராம் கடுக்காய்த் தூள் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து உலர்த்தி, பிறகு 15 கிராம் படிகாரக் கரைசலில் முக்கி எடுத்து, இரண்டு நாள் கழித்து அலசினேன். பருத்திக்கு இந்த இரண்டும் வேண்டும். கடுக்காயின் துவர்ப்பு நாரைப் பிடித்துக்கொள்கிறது, படிகாரத்தின் அலுமினியம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்கிறது, சாயம் அலுமினியத்தைப் பிடித்துக்கொள்கிறது. பாடப்புத்தகங்கள் நிறமூன்றி என்று சொல்வது இதைத்தான். அவுரிக்கு மட்டும் இது தேவையில்லை. அதற்குப் பசையெடுத்த வெறும் துணியே போதும்.

இப்படித் தயாரித்த துணியில் ஒரு துண்டை மஞ்சளிலும், ஒன்றை மாதுளையிலும், ஒன்றை மஞ்சிட்டியிலும் தோய்த்தேன். வெறும் துணியில் அவுரி ஏற்றிக்கொண்டேன். நீலம் ஏற்றிய மேலும் இரண்டு துண்டுகளுக்கு அதன் பிறகு கடுக்காயும் படிகாரமும் கொடுத்து, ஒன்றின்மேல் மஞ்சளும் மற்றதன்மேல் மாதுளையும் ஏற்றிப் பச்சையாக்கினேன். ஏழாவதாகக் கடுக்காயும் படிகாரமும் மட்டும் போட்ட ஒரு துண்டையும் வைத்துக்கொண்டேன். கடுக்காய்க்கே ஒரு வெளிர்மஞ்சள் உண்டு, அதை மாதுளையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது அல்லவா. ஒவ்வொரு துண்டிலும் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் சன்னலில் பங்குனிக் கடைசியிலிருந்து ஆறு வாரம் கட்டிவைத்தேன். கூடவே ஒரு செட்டைச் சோப்புக் கட்டி போட்டுப் பத்து முறை துவைத்தேன், இன்னொன்றை இருட்டுப் பீரோவில் பூட்டினேன்.

முதலில் தோற்றது மஞ்சள். ஐந்தாம் நாள் அட்டையைத் தூக்கிப் பார்த்தபோதே மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் இருந்தது. மூன்றாம் வாரத்தில் திறந்த பாதிக்கும் ஏழாவது துண்டுக்கும் வேறுபாடு சொல்லச் சிரமப்பட்டேன். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டினால், சோப்பு போட்டதும் கறை செக்கச்செவேலென்று மாறுவதும், ஈரத்தோடு வெயிலில் விரித்தால் மாலைக்குள் மறைவதும் எல்லா வீட்டிலும் தெரிந்த கதை. சோப்பின் காரம் மஞ்சளைச் சிவப்பாக்குவது மீளக்கூடிய மாற்றம், நன்றாக அலசினால் மஞ்சள் திரும்பிவிடும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதே மாற்றத்தைக் கொண்டுதான். வெயில் செய்வதற்கோ மீட்சி கிடையாது. ஒளி பட்டதும் குர்குமின் மூலக்கூறே உடைந்து நிறமற்ற சிறு துண்டுகளாகிவிடுகிறது.

இங்கேதான் சந்தையில் சொல்லப்படும் வைத்தியங்களை நிறுத்துப் பார்க்க வேண்டும். படிகாரம் போட்டால் மஞ்சள் நிற்கும், கடுக்காய் போட்டால் நிற்கும், உப்பில் ஊறவைத்தால் நிற்கும் என்பார்கள். என் துண்டில் முதல் இரண்டும் இருந்தன. படிகாரம் போட்ட மஞ்சள் சலவையில் சற்றுக் கூடுதலாகத் தாக்குப்பிடிப்பது உண்மை. ஆனால் நாரோடு எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், கட்டப்பட்ட பொருளே வெளிச்சத்தில் சிதறினால் கட்டு என்ன செய்யும்? கண்ணாடிக்குப் பின்னால் வைத்தாலும் பயனில்லை, ஏனென்றால் மஞ்சளை உடைக்கப் புறஊதாக் கதிர்தான் வேண்டுமென்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் நீலப் பகுதியையே அது விழுங்குகிறது. துணித்துறையில் சாயத்தின் ஒளித்தாங்குதிறனை நீலக் கம்பளித் துண்டுகளோடு ஒப்பிட்டு 1 முதல் 8 வரை மதிப்பிடுவார்கள். ஒரு படி ஏறினால் வெளுக்க ஏறக்குறைய இரு மடங்கு நேரமாகும். மஞ்சள் அந்த ஏணியின் முதல் இரண்டு படிகளுக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

பீரோவில் இருந்த மஞ்சள் துண்டு மட்டும் நேற்றுத் தோய்த்ததுபோல் பளிச்சென்று இருந்தது. மஞ்சளுக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியது இதில் இருக்கிறது. நம் ஊரில் மஞ்சள் தோய்த்த துணி எங்கே வருகிறது? கோடித் துணியின் ஓரத்தில், காணிக்கைக் காசு முடிந்த துண்டில், தாலிக் கயிற்றில். காசு முடிந்த துண்டின் வேலை உண்டியலில் முடிந்துவிடும், தாலிக் கயிற்றுக்குக் குளிக்கும்போதெல்லாம் மீண்டும் மஞ்சள் பூசப்படும். திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்படும் நிறமாக மஞ்சளை வைத்திருந்த வழக்கம் அதன் இயல்பை அறிந்தே வைத்திருந்தது. ஐந்து வருடம் உடுத்தும் சேலைக்கு அதை ஏற்றி விற்பவர்தான் அந்த இயல்பை மறந்தவர்.

மாதுளை ஓடு இதற்கு நேர்மாறான குணம் கொண்டது. 100 கிராம் துணிக்கு 40 கிராம் காய்ந்த ஓட்டை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு வடித்த நீரில் கிடைப்பது மஞ்சளின் பளபளப்பு அல்ல, மண் கலந்த ஒரு மங்கல் மஞ்சள். பூசணிப் பூவையும் சாமந்தியையும் மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் ஓட்டில் இருப்பது பெரும்பாலும் துவர்ப்புப் பொருள். கடுக்காயைப் போலவே நாரைத் தானே பற்றிக்கொள்ளும், படிகாரத்தோடும் சேர்ந்துகொள்ளும். பத்துச் சலவைக்குப் பிறகு அந்தத் துண்டில் பெரிதாக ஒன்றும் இறங்கவில்லை. ஆறு வார வெயிலில் நிறம் சற்று இறங்கி, கொஞ்சம் பழுப்பு ஏறியது. தோல் கருப்பதுபோல என்று சொல்லலாம். அட்டைக்குள் இருந்த பாதியோடு வைத்துப் பார்த்தால்தான் மாற்றம் தெரிந்தது, தனியே பார்த்தால் அதுவும் மாதுளை நிறமாகத்தான் இருந்தது.

மாதுளையை இன்னும் உறுதியாக்க ஒரு குறுக்கு வழி உண்டு. நாட்டுமருந்துக் கடையில் அன்னபேதி என்று கிடைக்கும் இரும்பு உப்பைச் சிட்டிகையளவு சேர்த்தால் மஞ்சள் ஒரு நொடியில் பாசி நிறமாகவும், கூடினால் சாம்பல் கருப்பாகவும் மாறும். இரும்பு சேர்ந்த மஞ்சள்கள் படிகாரம் சேர்ந்தவற்றைவிட ஒளியை நன்றாகத் தாங்கும் என்பது சாயத் தொழிலில் தெரிந்த விஷயம். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. பழைய சீட்டித் துணிகளின் கறுப்புக் கோடுகளைப் பாருங்கள். பூவின் சிவப்பு அப்படியே இருக்க, அதைச் சுற்றி இரும்பும் துவர்ப்பும் சேர்த்து எழுதிய கறுப்பு விளிம்பில் பல இடங்களில் துணியே இல்லை. கோடு இருந்த இடத்தில் மெல்லிய கீறலாக ஓட்டை விழுந்திருக்கிறது. இரும்பு காற்றின் உயிர்வாயுவோடு சேர்ந்து நாரை மெல்ல மெல்லத் தின்றுவிட்டது. நிறம் நின்றது, துணி போய்விட்டது. 100 கிராம் துணிக்கு 2 கிராம் அன்னபேதிக்கு மேல் போகாமல் இருப்பதும், போட்ட பிறகு நன்றாக அலசுவதும் இந்தச் சேதத்தைத் தள்ளிப்போடும். இல்லாமலாக்காது.

இனிச் சிவப்பு. சோழமண்டலத் துணிகளில் மங்காமல் நிற்கும் அந்தச் சிவப்பு மஞ்சிட்டியுடையது அல்ல, கடற்கரை மணலில் விளைந்த சாயவேருடையது. நாம் இம்பூறல் என்று அழைக்கும் சிறு செடியின் வேர் அது. இரண்டுக்கும் ஒரே குடும்பம், ஒரே வகைச் சிவப்பு, ஆனால் உள்ளே இருக்கும் சேர்மங்களின் விகிதம் வேறு. சாயவேரிலும் ஐரோப்பிய மஞ்சிட்டியிலும் அலிசாரின் முதன்மையாக இருக்கிறது. நம் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் மஞ்சிட்டியில் பர்ப்யூரினும் அதன் உறவுக்காரச் சேர்மங்களும்தான் அதிகம். அதனால் நம் மஞ்சிட்டி தரும் சிவப்பு சற்று ஆரஞ்சு சாய்ந்தது, செங்கல்லை நினைவூட்டுவது. பழந்துணிகளின் சிவப்பைக் காட்டி மஞ்சிட்டித் துணியை விற்கும்போது இந்த வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும்.

மஞ்சிட்டியில் சாயமிடுகிறவர் கெடுப்பது பெரும்பாலும் அடுப்பில்தான். 60 கிராம் தூளை இரவு முழுக்க ஊறவைத்து, துணியைப் போட்டு, கை பொறுக்காத சூடு வரை மெதுவாக ஏற்றி அங்கேயே ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் வேரிலுள்ள பழுப்புச் சாயங்களும் இறங்கிச் சிவப்பு காவியாகிவிடும். நீரில் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். அலுமினியமும் கால்சியமும் சேர்ந்து சாயத்தை இருபுறமும் பிடித்துக்கொண்டால்தான் அது நாருக்குள் கரையாத பொருளாகத் தங்கும். மழைநீரில் தோய்த்துவிட்டு நிறம் பிடிக்கவில்லை என்று வருந்துகிறவர்கள் உண்டு. எங்கள் ஆழ்துளைக் கிணற்று உவர்நீர் குடிக்க லாயக்கில்லை என்றாலும் மஞ்சிட்டிக்குப் போதுமானதாக இருந்தது.

ஆறு வாரத்தில் மஞ்சிட்டித் துண்டு கொஞ்சம் வெளிறியது. ஆனால் வெளிறியதும் சிவப்பின் வழியிலேயே வெளிறியது. சலவைச் சோப்பின் காரத்தில் ஆரஞ்சு குறைந்து ரோஜாப் பக்கம் நகர்ந்தது. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு பட்ட இடம் ஆரஞ்சாகத் திரும்பியது. ஆகவே அக்குளில் வியர்வை ஊறும் ரவிக்கைக்கு இது கொஞ்சம் ஆபத்து, சேலைக்கும் போர்வைக்கும் குறையில்லை.

அவுரியின் கதை தனி. மற்ற மூன்றும் நீரில் இறங்கும், அவுரியின் நீலம் இறங்காது. திண்டிவனம் பக்கத்து நீலக் கட்டியை அரைத்து, சுண்ணாம்பு சேர்த்து, வேகவைத்த தகரை விதையைப் போட்டுத் தொட்டியில் புளிக்கவைக்கும்போதுதான் நீலம் தன் நிறத்தை இழந்து மஞ்சள்-பச்சையாகக் கரைகிறது. அந்த நீரில் முக்கிய துணி பச்சையாக வெளியே வந்து, காற்றுப்பட்டு, கண்முன்னே நீலமாகிறது. காற்று மீண்டும் அதைக் கரையாத பொடியாக்கி நாரின் இடுக்குகளில் அடைத்துவிட்டது என்று பொருள். வேதிக் கட்டு எதுவும் இல்லை, அடைப்புதான். அவுரியின் பலமும் பலவீனமும் இந்த ஒரே காரணத்திலிருந்து வருகின்றன. சோப்பு நீரில் அது கரையாது, ஆகவே சலவைக்கு அஞ்சாது. உரசலுக்கு அஞ்சும். நீலம் நாரின் வெளிப்புறத்திலேயே தடித்து, உள்ளே வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். முழங்காலிலும் மடிப்பிலும் மேல்தோல் தேய்ந்து வெள்ளை தெரிவது அதனால்தான். ஜீன்ஸ் கால்சட்டையின் அழகே இந்தக் குறைபாட்டின்மேல் கட்டியதுதான்.

அவுரியில் நேர்மையான வேலை எது, அவசர வேலை எது என்று கண்டுபிடிப்பது எளிது. ஈரவெள்ளைத் துணியால் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். லேசாக ஒட்டுவது இயல்பு. கை நீலமாகும் அளவுக்கு ஒட்டினால், அடர்ந்த தொட்டியில் ஒரே முக்காக முக்கி எடுத்திருக்கிறார்கள். மெல்லிய தொட்டியில் ஆறேழு முறை முக்கி, ஒவ்வொரு முறையும் காற்றாட விட்டு ஏற்றிய நீலம் உள்ளே போய் உட்காரும். என் மூன்று முக்கு நீலம் ஆறு வார வெயிலில் ஒரு சாயல் இறங்கியது. ஒரு முக்கு மட்டும் போட்ட வெளிர்நீல ஓரம் அதைவிட வேகமாகப் போனது. வெளிர்நிறம் வெளுப்பது கண்ணுக்குச் சீக்கிரம் தெரியும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். சம அடர்த்தி இல்லாத இரண்டு துணிகளை ஒப்பிட்டு எந்தச் சாயம் உறுதி என்று சொல்வது நியாயமாகாது.

இங்கே இயற்கை என்ற சொல்லையும் கொஞ்சம் தேய்த்துப் பார்க்கலாம். 1868-இல் கிரேபேயும் லீபர்மானும் அலிசாரினைச் செயற்கையாகச் செய்தார்கள். 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டும் வேரிலிருந்தும் இலையிலிருந்தும் கிடைக்கும் அதே மூலக்கூறுகள். ஆகவே செடி நீலம் அழகாக மூப்படையும், ஆலை நீலம் அசிங்கமாக வெளுக்கும் என்ற வாதம் நிற்காது. செடி நீலத்தில் கலந்துவரும் சிவப்புச் சாயலும் மற்றக் கலப்புகளும் நிறத்துக்கு ஓர் ஆழம் தரும் என்பது வரைக்கும் ஏற்கலாம். மஞ்சிட்டியில் அந்தக் கலப்பின் பங்கு இன்னும் பெரிது. மூப்பைத் தீர்மானிப்பது மூலக்கூறும் அது நாரில் தங்கும் விதமும்தான், அது பிறந்த இடமல்ல. அப்படிப் பார்த்தால் மஞ்சளின் தோல்விக்கும் இயற்கை என்பது சமாதானமாகாது.

வெளுப்பதுதான் இயற்கைச் சாயத்தின் அழகு என்று கடைக்காரர்கள் ஒரு வாதம் வைக்கிறார்கள். அதில் பாதி உண்மை. என் சன்னலில் அந்தப் பாதியைப் பிரித்துக் காட்டியவை இரண்டு பச்சைத் துண்டுகள். அவுரியின்மேல் மஞ்சள் ஏற்றியது தோய்த்த அன்று கிளிப்பச்சையாகக் கண்ணைப் பறித்தது. மூன்றாம் வாரத்தில் அது வெறும் நீலம். அருங்காட்சியகத்து இலைக்குக் காலம் செய்ததை என் சன்னல் மூன்று வாரத்தில் செய்து முடித்தது. அவுரியின்மேல் மாதுளை ஏற்றியது முதல் நாளே அடக்கமான பாசிப்பச்சை. ஆறு வாரத்துக்குப் பிறகு சற்றுச் சாம்பல் தட்டிய பாசிப்பச்சை. ஒரு நிறம் தன் வழியிலேயே இறங்கினால் அது மூப்பு. வெளிறிய மஞ்சிட்டியைப் பார்த்து அதன் இளமையை ஊகிக்கலாம். இரண்டில் ஒன்று ஓடிப்போய் மற்றது தனியே நிற்பது முறிவு. அந்த நீலத்தைப் பார்த்து இது ஒருகாலத்தில் பச்சை என்று யாரும் ஊகிக்க முடியாது. முறிவை மூப்பு என்று விற்பது சரியல்ல.

கட்ச் பகுதியில் அஜ்ரக் அச்சிடுபவர்கள் பச்சைக்கு மாதுளை ஓட்டையும் மஞ்சளையும் சேர்த்தே பயன்படுத்துவதுண்டு. மாதுளை நிலைப்பு தர, மஞ்சள் ஒளி தருகிறது. மஞ்சள் போனபிறகும் மாதுளை நின்று பச்சையைக் காப்பாற்றும். துணி தன் மினுக்கை இழக்கும், அடையாளத்தை இழக்காது. மஞ்சளின் பளபளப்பை விட மனம் வராதவர்களுக்கு நான் பார்த்ததில் நியாயமான சமரசம் இதுதான்.

ஆக என் தீர்ப்பு இது. படிகாரத்தில் நன்கு ஏற்றிய மஞ்சிட்டிக்கு முதலிடம், புளிப்பையும் வியர்வையையும் மட்டும் விலக்கிவைத்து. பல முக்கு அவுரிக்கு அதே வரிசையில் இடம், உரசலில் தேயும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால். ஒற்றை முக்கு அவுரி அதற்குக் கீழே. மாதுளை ஓடு தனியாக நடுத்தரம், அவுரிக்குத் துணையாக உயர்தரம், இரும்போடு சேர்ந்தால் எச்சரிக்கையோடு. உடுத்தி வெயிலில் நடக்கும் துணிக்கு, தனித்து நிற்கும் சாயமாக மஞ்சள் தேறாது. அதன் இடம் கோடியின் ஓரமும் தாலிக் கயிறும்தான், அங்கே அதற்கு நிகரில்லை.

அடுத்த முறை இயற்கைச் சாயப் பச்சை ஒன்றை யாராவது எடுத்து நீட்டினால் நீலம் எங்கிருந்து என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், அது பெரும்பாலும் தப்பிக்கும். இதில் மஞ்சள் நிறம் எதிலிருந்து வந்தது என்று மட்டும் கேளுங்கள். எங்கள் துப்பட்டாவை நாங்கள் கேட்காமல் வாங்கினோம். இப்போது அதை நீலத் துப்பட்டா என்றே வீட்டில் சொல்கிறோம்.